ஜெர்மன் கடை விலைச்சீட்டைப் படத்தில் படிப்பது எப்படி

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் முன்பெல்லாம் வீட்டுக்கு ஒருவர் பர்மாவிலோ மலேயாவிலோ இருந்தார்கள். இப்போது பிள்ளைகள் ஜெர்மனி வரை போய்விட்டார்கள். பேறுகாலம் பார்க்க மூன்று மாத விசாவில் போன என் வீட்டுக்காரம்மா, அங்குள்ள சூப்பர் மார்க்கெட்டில் நின்றபடி விலைச்சீட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். "ஏங்க, இது என்னன்னு பாருங்க" என்று கூடவே ஒரு குரல் பதிவும் வரும். முப்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவன் என்பதால் எனக்கும் அதில் ஒரு ருசி வந்துவிட்டது. மகளிடம் கேட்டும், அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் அதிகபட்ச சில்லறை விலை பொட்டலத்தின் மேலேயே அச்சாகியிருக்கும். ஜெர்மனியில் அப்படி ஒரு விலையே கிடையாது. கடைக்காரர் என்ன விலை வைக்கிறாரோ அதுதான் விலை. அது அடுக்கில் ஒட்டிய சீட்டில் மட்டும்தான் இருக்கும். ஆகவே பொட்டலத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் விலை தெரியாது. சீட்டை மட்டும் அனுப்பினால் அது எந்தப் பொருளுக்கானது என்று தெரியாது. பக்கத்துப் பொருளின் சீட்டைப் பார்த்து ஏமாறுவது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் நடக்கிறதாம். பொருளும் சீட்டும் ஒரே படத்தில் வர வேண்டும். பொருளின் பெயர் மட்டுமல்ல, சீட்டில் உள்ள எடையும் பொட்டலத்து எடையும் ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும். செல்போனில் மொழிபெயர்த்த படத்தை அனுப்புகிறவர்கள் அசல் படத்தையும் சேர்த்து அனுப்பினால் நல்லது, ஏனென்றால் மொழிபெயர்ப்பு எழுத்து மேலே உட்கார்ந்து எண்ணை மறைத்துவிடும். இன்னொன்று, அங்கே புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள். 1,29 € என்றால் ஒரு யூரோ 29 சென்ட்.

சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பொருளின் முழு விலை, வரியும் அதற்குள் அடக்கம். அதன் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 1 kg = இவ்வளவு, அல்லது 1 l = இவ்வளவு. இதற்கு Grundpreis என்று பெயர். அடிப்படை விலை, அதாவது ஒரு கிலோவுக்கோ ஒரு லிட்டருக்கோ விழும் விலை. என்னைக் கேட்டால் படத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். முன்பு சிறிய பொட்டலங்களுக்கு 100 கிராம் விலை போடலாம் என்று இருந்தது. 2022 மே 28 முதல் பொட்டலப் பொருள் எல்லாவற்றுக்கும் ஒரு கிலோ அல்லது ஒரு லிட்டர் கணக்கில்தான் போட வேண்டும் என்று விலை அறிவிப்பு விதியை மாற்றிவிட்டார்கள். நம் ஊரிலும் இப்போது பொட்டலத்தில் அலகு விலை அச்சிடுகிறார்கள். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் அது கிராமுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் வரும். அந்தப் பழக்கத்தோடு ஜெர்மன் சீட்டைப் பார்த்தால் எண் பெரிதாகத் தெரிந்து மிரட்டும்.

இந்தக் கிலோ கணக்கு பொட்டலத்துக்குத்தான். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஆள் நின்று வெட்டிக் கொடுக்கும் பாலாடைக்கட்டிக்கும் இறைச்சிக்கும் 100 கிராம் விலை எழுத இன்றும் அனுமதி உண்டு. அங்கே 1,99 என்று பார்த்துவிட்டு "கிலோ இரண்டு யூரோதானா!" என்று அரைக் கிலோ கேட்டால் பில் பத்து யூரோவை நெருங்கும்.

சரி, எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேச்சாக இருந்த கொண்டைக்கடலைக்கு வருகிறேன். சுண்டலுக்காக ஒரு டின்னைப் பார்த்திருக்கிறார். டின்னில் 400 கிராம் என்று இருக்கிறது, விலை 0,89 €. கீழே 1 kg = 3,71 €. மனக்கணக்கில் அவர் கெட்டி. 400 கிராம் 89 சென்ட் என்றால் கிலோ 2,23தானே வர வேண்டும், எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான் என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் டின்னில் இன்னொரு எடை கண்ணில் பட்டது: Abtropfgewicht 240 g. தண்ணீரை வடித்த பிறகு நிற்கும் எடை என்று பொருள். இப்படித் தண்ணீரில் கிடக்கும் பொருளுக்கு அடிப்படை விலையை வடித்த எடைக்குத்தான் கணக்கிட வேண்டும் என்பது அந்த ஊர் விதி. 89 சென்டை 0.24-ஆல் வகுத்தால் 3,71. எழுதினவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். தண்ணீருக்கு நம்மிடம் விலை வாங்காமல் காட்டுகிறான்.

அப்புறம் பக்கத்து அடுக்கில் காய்ந்த கடலை. 500 கிராம் 1,79 €, 1 kg = 3,58 €. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, ஊற வைக்கிற வேலை மிச்சம், டின்னையே எடுத்துவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் சீட்டு சொல்லாத ஒன்று இருக்கிறது. டின்னில் இருப்பது ஏற்கெனவே ஊறி வெந்த கடலை. காய்ந்த அரைக் கிலோவை இரவு ஊறப்போட்டு வேகவைத்தால் ஒரு கிலோவுக்கு மேலேயே வரும். வெந்த கடலைக்கு வெந்த கடலை என்று பார்த்தால் காய்ந்ததுதான் பாதி விலை. அடுப்புச் செலவைச் சேர்த்தாலும் அதுதான் லாபம். அலகு விலை ஒரே நிலையில் உள்ள இரண்டு பொருளைத்தான் ஒப்பிட்டுக் காட்டும். காய்ந்ததையும் நனைந்ததையும் அதை வைத்து எடை போட முடியாது.

தள்ளுபடிச் சீட்டு வேறு நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அதிலும் அடிப்படை விலை உண்டு, தள்ளுபடி போன விலைக்கே அது கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். ஒரு காபிப் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். 500 கிராம், போன வாரம் 7,99 €, இன்று 5,99 €. 25 சதவீதம் தள்ளுபடி என்று போடலாமா? மூன்று வாரத்துக்கு முன்னால் அதே கடை அதே பொட்டலத்தை 6,49-க்கு விற்றிருந்தால் போட முடியாது. விலையைக் குறைத்ததாக விளம்பரம் செய்தால், குறைப்பதற்கு முந்தைய 30 நாளில் அந்தக் கடை வைத்திருந்த மிகக் குறைந்த விலையைச் சொல்ல வேண்டும் என்பதும் 2022 மே 28 முதல் உள்ள விதி. அந்த விலையைச் சும்மா ஓரத்தில் எழுதிவிட்டு, சதவீதத்தை மட்டும் கூடுதல் விலையிலிருந்து கணக்கிடுவதும் ஆகாது என்று 2024 செப்டம்பர் 26 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப் பார்த்தால் நம் காபிக்கு உண்மையான தள்ளுபடி எட்டு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான்.

இதிலிருந்து நழுவும் வழியும் உண்டு. சீட்டில் UVP என்று எழுதி ஒரு பெரிய விலையைக் காட்டியிருந்தால், அது தயாரிப்பாளர் பரிந்துரைத்த விலை. யாரையும் கட்டுப்படுத்தாது, நம் ஊர் அதிகபட்ச விலையும் அல்ல. அந்தக் கடை ஒருநாளும் அந்த விலைக்கு விற்றிருக்க வேண்டியதில்லை, ஆகவே 30 நாள் கணக்கு அதற்குப் பொருந்தாது. நான் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. இன்னும் ஓரத்தில் ab 2 Stück என்று இருந்தால் குறைந்தது இரண்டு எடுத்தால்தான் அந்த விலை. Mit App என்று இருந்தால் கடையின் செயலியைக் காட்டினால்தான். சீட்டின் ஓரத்தை வெட்டி அனுப்பிய படத்தில் முதலில் காணாமல் போவது இந்த வரிகள்தான்.

கல்லாவில் வேறு விலை சொன்னால்? சீட்டில் போட்ட விலைக்கே தர வேண்டும் என்று அங்கே உரிமையாகக் கேட்க முடியாது. சீட்டு ஓர் அழைப்பு மட்டுமே, விற்பனை முடிவாவது கல்லாவில்தான் என்று அவர்கள் சட்டம் பார்க்கிறது. பொருளை வேண்டாம் என்று வைத்துவிட்டு வரலாம். பெரும்பாலும் படத்தைக் காட்டினால் சீட்டு விலைக்கே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் என்று மகள் சொன்னாள், ஆனால் அது அவர்கள் மனசு.

தேதிக்கு வருவோம். அது அடுக்குச் சீட்டில் இருக்காது, பொட்டலத்தைத் திருப்பித் தனியாகப் படம் எடுக்க வேண்டும். மூடியிலா அடியிலா என்று பொட்டலமே சொல்லும்: siehe Deckel என்றால் மூடி, siehe Boden என்றால் அடிப்பக்கம். தேதிக்கு முன்னால் இருக்கும் சொற்களைப் படிக்காமல் தேதியை மட்டும் படிப்பது ஆபத்து. ஏனென்றால் இரண்டு வகை உண்டு.

Mindestens haltbar bis என்பது முதல் வகை. 'குறைந்தது இந்த நாள் வரையாவது கெடாமல் இருக்கும்' என்று அர்த்தம். அந்த நாள் தாண்டினால் சுவையும் மொறுமொறுப்பும் சற்றுக் குறையலாம், பொருள் கெட்டுப்போய்விட்டது என்று பொருளல்ல. தேதி தாண்டிய பிறகும் பொருள் நன்றாக இருந்தால் கடையில் விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டாவது வகை Zu verbrauchen bis, இந்த நாளுக்குள் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். கொத்துக்கறி, பச்சைக் கோழி போன்றவற்றில் இருக்கும். அந்த நாள் தாண்டினால் அது பாதுகாப்பற்ற உணவு, விற்கவே கூடாது. பக்கத்தில் எத்தனை டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்றும் போட்டிருப்பார்கள். கொத்துக்கறிக்குப் பொதுவாக 2 டிகிரி. வீட்டுக் குளிர்பெட்டி அதைவிடச் சூடாக இருந்தால் அந்தத் தேதியை நம்ப முடியாது.

நம் ஊர்ப் பொட்டலங்களில் காலாவதித் தேதி கட்டாயம், 'இதற்கு முன் சிறந்தது' என்பது விரும்பினால் போடும் கூடுதல் தகவல். அதனால் எந்தத் தேதியைப் பார்த்தாலும் காலாவதி என்றே நாம் படித்துவிடுகிறோம். மொழிபெயர்ப்புச் செயலியும் சில சமயம் இரண்டு வாசகத்துக்கும் வெறும் 'வரை' என்று போட்டுவிடும். இப்படித்தான் மூன்று நாள் தாண்டிய ஒரு டப்பா தயிரை வீட்டுக்காரம்மா திறந்துகூடப் பார்க்காமல் குப்பையில் போட்டார். அதில் இருந்தது முதல் வகை வாசகம். திறந்து, பார்த்து, மோந்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். கொத்துக்கறியாக இருந்திருந்தால் குப்பையில் போட்டதுதான் சரி.

தேதியில் நாள் இல்லாமல் Ende 08.2026 என்று மட்டும் இருந்தால் ஆகஸ்ட் மாதம் முடியும் வரை என்று கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு மாதமும் வருடமும் போட்டால் போதும், பதினெட்டு மாதத்துக்கு மேல் தாங்கினால் வருடம் மட்டும் போட்டாலும் சரி. இந்தக் கணக்கெல்லாம் பிரிக்காத பொட்டலத்துக்குத்தான்.

கடைசியாக வந்த படம் தண்ணீர்ப் பாட்டில் கட்டு. ஒன்றரை லிட்டர் பாட்டில் ஆறு, சீட்டில் 1,74 €, பில்லில் 3,24 €. ஒன்றரை யூரோ எங்கே போனது என்று ஒரே சண்டை. சீட்டின் அடியில் zzgl. Pfand என்று இருந்தது. பாட்டிலுக்கான முன்பணம், இந்த வகைப் பாட்டிலுக்கு 25 சென்ட். ஆறுக்கு 1,50. முன்பணத்தை விலையோடு சேர்க்காமல் பக்கத்தில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விதி, அதனால் லிட்டர் விலையான 0,19-லும் அது சேராது. காலிப் பாட்டிலைக் கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பாட்டிலை நசுக்கிவிட்டால் இயந்திரம் வாங்காது. அவர் ஆறையும் நசுக்கிப் பையில் கட்டி வைத்திருந்தார்.