புரியாத மொழியில் மெயில் வந்தால் பதில் போடாதீர்கள், முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

இந்த வருடத்தில் இதே மாதிரி எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது. கொழும்பு புறக்கோட்டையில் சரக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனம். "அண்ணா, ஒருக்கா வந்து பாருங்க, மெக்சிகோ பார்ட்டி காசு போட்டதா சொல்றாங்க, ஆனா பேங்க்ல வரல" என்று கணக்குப் பகுதித் தங்கச்சி கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது கறுவா கொண்டெய்னர் ஒன்றுக்கான முற்பணம் யாரோ ஒருவருடைய கணக்குக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஆரம்பம் ஒரு ஸ்பானிய மொழி மெயில். நம் கறுவாவை மெக்சிகோக்காரர்கள் நிறைய வாங்குகிறார்கள். ஆகவே அந்த நிறுவனத்துக்கு ஸ்பானிய மெயில் வருவது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பெயரும் தலைப்பும் பழகிய வாடிக்கையாளருடையது போலவே இருந்தன. தங்கச்சி அதை மொழிபெயர்ப்பு செயலியில் போட்டுப் பார்த்தார். "பணம் செலுத்திய ரசீது இணைக்கப்பட்டுள்ளது, தயவுசெய்து உறுதிசெய்யவும்" என்று வந்தது. சந்தேகம் வராமல் இல்லை. லிங்க்கை அவர் அழுத்தவே இல்லை. "ஆங்கிலத்தில் அனுப்ப முடியுமா?" என்று ஒரு வரி பதில் மட்டும் போட்டார்.

அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. அதன் அடியில் அவருடைய பெயர், பதவி, கைபேசி எண் எல்லாம் தானாகவே ஒட்டிக்கொண்டு போயின. அதைவிடப் பெரிய சேதம் ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. ஜிமெயிலில் நீங்கள் ஒருவருக்குப் பதில் அனுப்பினால், அந்த முகவரி உங்கள் தொடர்புப் பட்டியலில் தானாகச் சேர்ந்துகொள்ளும். அடுத்த வாரம் வழக்கமான இன்வாய்ஸை அனுப்ப வாடிக்கையாளர் பெயரின் முதல் நாலு எழுத்தைத் தட்டியபோது மேலே வந்து நின்றது புதிய முகவரி. உண்மையான லெட்டர்ஹெட்டோடு உண்மையான இன்வாய்ஸ் திருடன் கைக்கே போய்விட்டது. அவன் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி மெக்சிகோவுக்கு அனுப்பினான்.

இரண்டு முகவரிகளையும் பாருங்கள். நிறுவனத்தின் பெயரையும் கடைசிப் பகுதியையும் நான் மாற்றியிருக்கிறேன், மோசடியின் வடிவம் அப்படியே இருக்கிறது.

```
pagos@especiasdelsur.example
pagos@espceiasdelsur.example
```

இரண்டாவதில் எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. `spices` என்பதை யாராவது `spcies` என்று எழுதியிருந்தால் தங்கச்சியின் கண்ணில் உடனே குத்தியிருக்கும். `especias` என்பது ஸ்பானிய மொழியில் வாசனைச் சரக்குகளைக் குறிக்கும் சொல். அது தெரியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தெரிந்த மொழியில் சொல்லை முழுதாகப் பார்த்தே பிழையை உணர்ந்துவிடுகிறோம், தெரியாத மொழியில் அந்த உணர்வு வேலை செய்யாது. அதனால்தான் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடச் சொல்கிறேன். பழைய இன்வாய்ஸில் அல்லது ஒப்பந்தத்தில் உள்ள முகவரியை நோட்பேடில் ஒட்டுங்கள். வந்திருக்கும் முகவரியை அதன் கீழே ஒட்டுங்கள். மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால் பத்து விநாடி போதும்.

இனி, என்னை மிகவும் கோபப்படுத்தும் அந்த வசனம். "ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பார்த்தேன் அண்ணா, சரியாத்தான் இருந்தது." மூன்று இடத்திலும் இதையே கேட்டேன். தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு செயலியின் வேலை கோணலான வாக்கியத்தையும் நேராக்கித் தருவது. எழுத்துப்பிழை, தப்பான இலக்கணம், ஒட்டாத மரியாதை, எல்லாவற்றையும் அது வழித்துத் துடைத்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுக்கும். ஸ்பானிய மொழியிலும் நமக்கு இருப்பது போல நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. பல வருடம் நீங்கள் என்று மரியாதையாக எழுதிய முதலாளி திடீரென்று நீ என்று எழுதினால், மெக்சிகோக்காரர் ஒருவருக்கு அது உடனே நெருடும். ஆங்கிலத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒரே சொல்தான், அந்த நெருடல் போய்விடும். ஒரு திருட்டு மெயிலில் மொழி தெரிந்தவருக்குத் தெரியும் தடயங்கள் எவையோ அவைதான் மொழிபெயர்ப்பில் முதலில் காணாமல் போகின்றன. ஆகவே "மொழிபெயர்ப்பு சரளமாக இருந்தது" என்பது மெயிலைப் பற்றி எதையும் நிரூபிக்காது. அந்தச் செயலி நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

அப்படியானால் மொழிபெயர்க்கவே கூடாதா? மொழிபெயர்க்கலாம், ஆனால் அனுப்பியவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள மட்டும். பணமா, கடவுச்சொல்லா, கணக்கு எண் மாற்றமா, ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்கிறாரா, அவசரப்படுத்துகிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த சோதனைகள் முடியும்வரை பதில் இல்லை. எழுத்தை மட்டும் பிரதி எடுத்து ஒட்டுங்கள். லிங்க்கையும் சேர்த்து ஒட்டினால் அங்கே கை தவறி அழுத்திவிட வாய்ப்பு உண்டு.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. இவர் இதுவரை எங்களுக்கு எந்த மொழியில் எழுதினார்? அந்த மெக்சிகோ நிறுவனம் ஒருநாளும் ஸ்பானிய மொழியில் எழுதியதில்லை, எல்லாம் ஆங்கிலம்தான். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இன்னொன்று, மெயில் வந்தது நமக்குக் காலை பத்து மணிக்கு. மெக்சிகோ நகரம் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். அங்கே முந்தின நாள் இரவு பத்தரை. அந்நேரம் கணக்குப் பகுதியில் யார் இருந்து ரசீது அனுப்புகிறார்? மொழி தெரியாவிட்டாலும் கடிகாரம் எல்லோருக்கும் தெரியும்.

சரி, அனுப்பியவரைப் பார்ப்பது எப்படி? ஜிமெயிலைக் கணினியில் திறந்து, பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள். `from`, `reply-to`, `mailed-by`, `signed-by` என்று வரிகள் விரியும். பெரிய எழுத்தில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம், அதை நம்பாதீர்கள். `reply-to` வேறு முகவரியாக இருந்தால் நீங்கள் எழுதும் பதில் அங்கேதான் போகும். வெளிநாட்டு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு பதிலை இலவச மெயில் கணக்குக்குக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு. மூன்று புள்ளிகளை அழுத்தி `Show original` போனால் SPF, DKIM, DMARC என்று மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். அந்த நிறுவனத்தின் முதலாளியின் மகன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "மூன்றும் PASS அண்ணா" என்று எனக்குக் காட்டினார். உண்மைதான், மூன்றும் தேறியிருந்தன. அவை சொல்வது, இந்த மெயில் `espceiasdelsur` என்ற டொமைனிலிருந்து, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பெயரிலிருந்து, உள்ளபடியே வந்தது என்பதை மட்டும்தான். திருடன் காசு கட்டி வாங்கிய டொமைன் அது, தேறாமல் என்ன செய்யும்? FAIL என்று வந்தால் சந்தேகப்படுங்கள். PASS என்று வந்ததற்காக நம்பிவிடாதீர்கள். அதைவிட உதவியானது `lookup.icann.org`. அங்கே டொமைன் பெயரைக் கொடுத்தால் பல டொமைன்களுக்கு அது பதிவான தேதி வரும். பல வருடமாக வியாபாரம் செய்யும் நிறுவனத்தின் டொமைன் போன மாதம் பிறந்திருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

லிங்க் பார்ப்பதைக் கைபேசியில் செய்யாதீர்கள், விரல் வழுக்கும். கணினியில் வலது பொத்தானை அழுத்தி முகவரியைப் பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அந்த மெயிலில் இருந்த லிங்க் இந்த வடிவில் இருந்தது:

```
https://especiasdelsur.example.recibo.test/acceso?u=accounts
```

வாடிக்கையாளர் பெயர் சரியான எழுத்துகளோடு முன்னால் நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி, இடப்பக்கமாகப் படியுங்கள். கடைசி இரண்டு துண்டு `recibo.test`. அதுதான் உண்மையான சொந்தக்காரர். முன்னால் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டது. `gov.lk`, `com.mx` போல முடிந்தால் மூன்று துண்டு படிக்க வேண்டும். எங்காவது `xn--` என்று தெரிந்தால், ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் கலந்த பெயர் அது. ரஷ்ய மொழியின் а நம் கண்ணுக்கு ஆங்கில a போலவே தெரியும். வாடிக்கையாளர் பெயர் வெறும் ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டியது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

வைரஸ்டோட்டல் தளத்தில் லிங்க்கைச் சோதிக்கலாம். ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள வாலை வெட்டிவிட்டுப் போடுங்கள், பல நேரம் உங்கள் முகவரிதான் அதில் ஒளிந்திருக்கும். இணைப்புக் கோப்பை அங்கே ஏற்றாதீர்கள். அது உண்மையான இன்வாய்ஸாக இருந்துவிட்டால் வேறு ஆட்களும் பார்க்கக் கூடிய இடத்தில் போய் உட்காரும். தளம் சுத்தம் என்று முடிவு வந்தாலும், நேற்றுத்தான் போட்ட திருட்டுப் பக்கம் இன்னும் எவர் பட்டியலிலும் ஏறியிருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்து, வாடிக்கையாளரின் மெயில் கணக்கே திருடப்பட்டிருந்தால் மேலே சொன்ன முகவரிச் சோதனைகள் எதுவும் பிடிக்காது. அதற்கு ஒரே வழி தொலைபேசி. மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம், பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணுக்கு எடுங்கள். நேரம் பொருந்தாது என்பதுதான் எல்லோரும் சொல்லும் சாட்டு. நமக்கு இரவு எட்டு மணி, மெக்சிகோ நகரத்தில் காலை எட்டரை. கந்தோரில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை, வீட்டிலிருந்து எடுங்கள்.

ஏற்கெனவே பதில் போட்டுவிட்டீர்களா? `contacts.google.com` போய் `Other contacts` பகுதியில் அந்த முகவரியை அழியுங்கள். லிங்க்கில் கடவுச்சொல் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். மாற்றினாலும் போதாது, ஜிமெயில் அமைப்புகளில் `Filters` பகுதியையும் `Forwarding` பகுதியையும் திறந்து நீங்கள் போடாத விதி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்தவன் மெயில்களின் பிரதி தனக்கு வரும்படி செய்து வைத்திருந்தால், கடவுச்சொல் மாறிய பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அவருடைய வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் அதே நாளில் தகவல் போக வேண்டும். `cert.gov.lk` வழியாக முறைப்பாடும் செய்யுங்கள்.

முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். பணம் வரவில்லை என்று தெரிந்த பிறகு அந்தத் தங்கச்சி இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஏச்சு விழும் என்ற பயம். கடைசியில் எனக்குச் சொன்னபோதும் குரல் நடுங்கியது. அந்த இரண்டு நாளில்தான் மெக்சிகோ வங்கியிடம் கேட்டு ஏதாவது தடுத்திருக்க முடியும், நான் கேட்டபோது பணம் அடுத்த கணக்குக்கும் தாண்டிப் போயிருந்தது. இப்போது அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் வாடிக்கையாளர்களின் எண்களும் அந்தந்த ஊர் நேரமும் எழுதிய தாள் இருக்கிறது. அதன் மேல் வரியில், கணக்கு எண் மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும் தன்னை இரவு பன்னிரண்டு மணிக்கும் எழுப்பலாம் என்று முதலாளி தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.