'ராயல்டி ஃப்ரீ' என்றால் இலவசம் இல்லை: ஒரு சொல்லும் அதன் தமிழும்

எங்கள் ஸ்டுடியோ புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு தங்கை போன மாதம் இன்டர்னாகச் சேர்ந்தாள். முதல் வேலையாக, தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு விடுதிக்கு 40 நொடி வீடியோவும் போஸ்டரும் செய்தாள். பயன்படுத்திய படம், எழுத்துரு, இசை எல்லாவற்றையும் எழுதிவைக்க ஒரு ஷீட் வைத்திருக்கிறோம். அதில் உரிமம் என்ற கட்டத்தில் மூன்று வரிசையிலும் ஒரே சொல்தான் எழுதியிருந்தாள்: ராயல்டி ஃப்ரீ.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"ஃப்ரீயா எடுத்துக்கலாம், எதுக்கு வேணா போட்டுக்கலாம்னு அர்த்தம் அக்கா" என்றாள்.

ஐந்து வருடம் வேலை பார்த்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தச் சொல்லை வேரிலிருந்து பிரித்துப் பார்ப்போம்.

முதலில் 'ஃப்ரீ'. ஆங்கிலத்தில் இது தனியே வந்தால் இலவசம். இன்னொரு சொல்லின் வாலாக வந்தால் 'இல்லாத' என்று பொருள். சுகர் ஃப்ரீ பிஸ்கட் என்றால் சர்க்கரை இல்லாத பிஸ்கட். காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். ராயல்டி ஃப்ரீயும் அப்படித்தான். அதில் இல்லாதது ராயல்டி மட்டும். விலை இருக்கலாம், நிபந்தனையும் இருக்கலாம்.

அப்படியானால் ராயல்டி எது? லத்தீனில் அரசனுக்குரியது என்ற பொருளுள்ள சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் அரசனுக்கு 'ருவா' என்று பெயர். புதுச்சேரியின் பழைய குடும்பங்களுக்கு இது தெரிந்த சொல். மண்ணுக்கடியில் எடுக்கும் கனிமத்தில் அரசனுக்கு ஒரு பங்கு என்பது ராயல்டியின் பழைய பொருள்களில் ஒன்று. நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரிக்காக மாநில அரசுக்குச் செலுத்தும் தொகைக்கு இன்றும் அதுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டில் நூலாசிரியருக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் விற்ற பிரதிக்கேற்பத் தரும் தொகைக்கும் இச்சொல் வந்து சேர்ந்தது. இரண்டிலும் சாரம் ஒன்றே: எவ்வளவு எடுக்கிறாயோ அவ்வளவுக்குக் கொடு.

நம் ஊர் வயல்வெளியில் இதற்கு நேரான சொல் இருந்தது. விளைச்சலில் அரசுக்கோ நிலக்காரருக்கோ போகும் பங்கு மேல்வாரம்; உழுதவருக்கு நிற்பது குடிவாரம். விளைந்தால் பங்கு கூடும், பொய்த்தால் குறையும். ராயல்டி என்பது வாரம். குத்தகை அப்படியில்லை. பேசிய தொகையைக் கொடுத்துவிட்டால் எத்தனை மூட்டை கண்டாலும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ராயல்டி ஃப்ரீ உரிமம் இந்தக் குத்தகையைப் போன்றது. ஒரு முறை வாங்கினால் வீடியோவை நூறு பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் திரும்பக் காசு கேட்பதில்லை. ஒரு வேறுபாடு உண்டு. குத்தகை நிலம் ஒருவருக்குத்தான் போகும். இந்தப் படத்தை அதே நாளில் பக்கத்து விடுதிக்காரரும் வாங்கிப் போடலாம்.

இந்த ஒப்புமையால்தான் அந்தத் தங்கைக்கு விஷயம் பிடிபட்டது. குத்தகை நிலத்தில் நெல் போடலாம், கரும்பு போடலாம். மண்ணை வெட்டி லோடு லோடாக விற்க முடியாது, ஏனென்றால் நிலம் இன்னும் நிலக்காரருடையது.

விடுதிக்காரர் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். போஸ்டரில் இருந்த படகுப் படம் அவருக்குப் பிடித்துப்போய், அதையே துணிப்பையில் அச்சடித்து வரவேற்பறையில் விற்க 300 பை வேண்டும் என்றார். இவள் உரிமப் பக்கத்தைத் திறந்தாள். சாதாரண உரிமத்தில் அச்சுப்படிக்கு வரம்பு 5 லட்சம் என்று இருந்தது. பெரிய படத் தளங்கள் பலவற்றில் இதே எண்தான். 300 எங்கே, 5 லட்சம் எங்கே என்று தைரியமாகிவிட்டாள். ஆனால் அந்த எண் போஸ்டருக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் உரியது. இரண்டு பத்தி தள்ளி, படத்துக்காகவே மக்கள் வாங்கும் விற்பனைப் பொருளில் அச்சிடக் கூடாது, அதற்கு `Extended License` வேண்டும் என்று இருந்தது. பார்க்க வேண்டியது எத்தனை என்பதை அல்ல, எதற்கு என்பதை. ஒரே ஒரு பையை விற்றாலும் மீறல்தான். படத்துக்குப் பக்கத்தில் `Editorial Use Only`, அதாவது செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும், என்று இருந்தால் விளம்பரத்துக்கே எடுக்கக் கூடாது, எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும்.

இசையில் வேறு சிக்கல். அவள் தன் சொந்தக் கணக்கில் மாதச் சந்தா கட்டி எடுத்த பாட்டு அது. ராயல்டி ஃப்ரீதான், சந்தேகமில்லை. ஆனால் உரிமம் சந்தாதாரர் பெயரில், அவருடைய சொந்தச் சேனலுக்கு மட்டும். வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலைக்கு மேல்திட்டம் வேண்டும். இது தெரியாமல் முன்பொருமுறை நானே ஒரு வீடியோவை அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளர் யூடியூப்பில் ஏற்றிய அன்றே உரிமைக்கோரல் வந்தது. தளம் தரும் உரிமச் சான்றிதழைக் காட்டினால் இப்படிப்பட்ட கோரல் நீங்கிவிடும். என் கையில் இருந்த சான்றிதழில் என் பெயர் இருந்தது, அவர் சேனல் இல்லை. அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்ற அந்த மாலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எழுத்துருவுக்கு அவள் எழுதிய சொல்லே பொருந்தாது. கேட்டமரன் எழுத்துருவைப் போட்டிருந்தாள். அது திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவது. கோப்புறைக்குள் `OFL.txt` இருக்கும். வணிக வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஆனால் `Free for personal use` என்று போட்ட எழுத்துரு கம்பெனி வேலைக்கு ஆகாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'இலவச உரிமம்', 'கட்டணமற்றது' என்று எழுதுவது நேர்த்தவறு. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'உரிமைகளற்றது' என்று பொருள்படச் சொல்கிறார்கள். அது இன்னும் மோசம், உரிமை முழுவதும் படைத்தவரிடமே இருக்கிறது. தமிழ் இங்கே நமக்கு ஓர் உதவி செய்கிறது: உடையவருக்கு இருப்பது உரிமை, பயன்படுத்துகிறவருக்கு அவர் தருவது உரிமம். ஓட்டுநர் உரிமம் என்று தினமும் சொல்கிறோமே, அந்தச் சொல்தான். ஆங்கில லைசென்ஸும் 'அனுமதிக்கப்படுதல்' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. ராயல்டிக்கு உரிமைத்தொகை என்று எழுதுவோர் உண்டு. ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்டால் தமிழ்நாட்டில் மகளிருக்கான மாதத் தொகைதான் நினைவுக்கு வரும். வாரம் என்றால் கிழமைக் கணக்காகிவிடும். எனவே 'தொடர்தொகையில்லா உரிமம்' என்று எழுதுகிறேன். நீளம்தான். ஆனால் இல்லாதது எது என்பதை அது சரியாகச் சொல்கிறது, முதல் தொகை உண்டா என்று கேட்கவும் வைக்கிறது.

ஷீட்டில் இப்போது அந்தக் கட்டத்தை நான்காகப் பிரித்துவிட்டோம்: உரிமம் யார் பெயரில், எந்தப் பயனுக்கு, எது கூடாது, உரிமப் பக்கத்தை PDF ஆகச் சேமித்த தேதி. தேதி கட்டாயம். இலவசப் படத் தளங்களான அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்சபே 2019இலும், படைத்தவர் தன் உரிமைகளை விட்டுக்கொடுக்கும் CC0 உரிமத்தை விட்டுத் தமக்கென உரிமம் எழுதிக்கொண்டன. இறக்கிய நாளில் பக்கத்தில் என்ன இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள தாள்தான் சாட்சி.

துணிப்பைக்கு அந்தப் படத்தை விட்டுவிட்டோம். மறுநாள் விடியற்காலை தேவனாம்பட்டினம் போய், படகுக்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, கரையேற்றியிருந்த அவர் படகை அந்தத் தங்கையே படமெடுத்தாள். அந்த வரிசையில் 'உரிமம் யார் பெயரில்' என்ற கட்டத்தில் எங்கள் ஸ்டுடியோவின் பெயர் இருக்கிறது.