போட்டோவை அழித்தால் கேம் இறங்கிவிடாது

தயவுசெய்து, கேம் இறங்கவில்லை என்பதற்காகப் போனை ரீசெட் அடிக்காதீர்கள். தர்மபுரியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். பிளே ஸ்டோரில் ஒரு கேமைத் தொட்டால் "Your device isn't compatible with this version" என்று வந்திருக்கிறது. மெமரி ஃபுல் என்று நினைத்த பையன் முதலில் கேலரியைக் காலி செய்திருக்கிறான். அப்போதும் இறங்காததால் ஃபேக்டரி ரீசெட். மூத்த மகளின் வளைகாப்புப் போட்டோக்கள் அதில்தான் இருந்தன, பேக்கப் கிடையாது. வெறுமனே டெலீட் செய்திருந்தால் கேலரியின் டிராஷில் பெரும்பாலும் 30 நாள் கிடக்கும், எடுத்துக் கொடுத்திருப்பேன். ரீசெட் அடித்தால் போனின் என்கிரிப்ஷன் சாவியே அழிந்துவிடும். அப்புறம் எந்தக் கடையாலும் மீட்க முடியாது. "மீட்டுத் தருகிறோம்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த மெசேஜுக்கும் காலி இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. இடம் பத்தாவிட்டால் ஸ்டோர் அதை வேறு வார்த்தையில், இடத்தைக் காலி செய்யச் சொல்லித்தான் கேட்கும். மெமரி கார்டு போட்டாலும், வாட்ஸ்அப் வீடியோக்களை அழித்தாலும் compatible என்ற சொல் மாறாது. கேம் தயாரித்தவர்கள் எந்த ஆண்ட்ராய்டு, எந்த வகை பிராசஸர், குறைந்தது எவ்வளவு ரேம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டோர் அதை உங்கள் போனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அந்த அக்காவின் போனைச் சோதித்தேன். ஆண்ட்ராய்டு 10, கேம் கேட்டது அதற்கும் குறைவு. சரி, அது இல்லை. ரேம் 3 ஜிபி, அதுவும் போதும். AIDA64 என்ற இலவச ஆப்பைப் போட்டு CPU பக்கத்தில், எந்த வகை ஆப் ஓடும் என்று காட்டும் Supported ABIs என்ற வரியைப் பார்த்தேன். 32 பிட்டுக்கான armeabi-v7a, armeabi மட்டும் இருந்தன. 64 பிட்டுக்கான arm64-v8a இல்லை. விஷயம் அங்கேதான். சிப் 64 பிட், ஆனால் அதில் கம்பெனி ஏற்றியிருப்பது 32 பிட் ஆண்ட்ராய்டு. ரேம் குறைவான மலிவு போன்களில் இப்படி நிறையச் செய்தார்கள், ஏனென்றால் 32 பிட்டுக்கு ரேம் குறைவாகப் போதும். அட்டைப்பெட்டியில் இதைப் போட மாட்டார்கள், About phone-லும் பொதுவாக இருக்காது. அந்த கேமோ 64 பிட்டுக்கு மட்டும் வந்தது.

இதற்குச் சரிசெய்யும் வழி இல்லை. சாதாரண அப்டேட்டில் 32 பிட் 64 ஆகாது. வேறு ரோம், அதாவது கம்பெனி தராத ஆண்ட்ராய்டு, ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் போனைக் கொடுத்தால், அப்புறம் பேங்க் ஆப்பும் யூபிஐயும் திறக்காமல் போக வாய்ப்பு உண்டு. அதே கேமுக்கு லைட் பதிப்பு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு கேம்.

டெலிகிராமில் வரும் ஏபிகே பற்றித்தான் எனக்குக் கோபம். 64 பிட்டுக்கு மட்டும் கட்டிய ஃபைல் 32 பிட் போனில் எங்கிருந்து எடுத்தாலும் இன்ஸ்டால் ஆகாது. ஒருவேளை இன்ஸ்டால் ஆகி, எஸ்எம்எஸ், ஆக்சஸிபிலிட்டி பர்மிஷன் கேட்டால், அது கேமே இல்லை. உங்கள் ஓடிபியைப் படிக்க வந்தது. கொடுத்துவிட்டீர்களா? இன்டர்நெட்டை உடனே ஆஃப் செய்யுங்கள். பணம் போயிருந்தால் இன்னொரு போனிலிருந்து 1930-க்குக் கூப்பிடுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. கேமின் About this app பகுதியில் கடைசியில் எந்த ஆண்ட்ராய்டு வேண்டும் என்று இருக்கும். உங்களுடையது பழையது என்றால் சிஸ்டம் அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள். பிளே ஸ்டோரின் Settings, About-ல் Play Protect certification எதிரே Device is certified என்று இல்லாவிட்டால், அந்தப் போனை யாரோ ரூட் செய்து, கம்பெனி போட்ட பூட்டை உடைத்திருக்கலாம். கம்பெனி சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் அதில் டேட்டா போய்விடும், முதலில் பேக்கப் எடுங்கள். மிகப் பழைய கேம் என்றால் தலைகீழாக, புது போனில்தான் தடுக்கப்படும். ஆண்ட்ராய்டு 14-லிருந்து அரதப்பழசான ஆப்களைப் போனே ஏற்க மறுக்கிறது.

இன்னொன்று. கடையில் "3 பிளஸ் 3, மொத்தம் 6 ஜிபி ரேம்" என்பார்கள். அந்த இரண்டாவது 3 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. கேம் பார்ப்பது நிஜ ரேமை மட்டும்தான்.

பிள்ளைக்கு செகண்ட்ஸ் போன் வாங்கப் போகிறீர்களா, கடையிலேயே உங்கள் ஜிமெயிலைப் போட்டு, அவன் விளையாடும் கேமின் பக்கத்தைத் திறந்து Install பட்டன் வருகிறதா பாருங்கள். பார்த்ததும் மறக்காமல் அக்கவுண்டை எடுத்துவிடுங்கள். கடைக்காரர் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கே வாங்க வேண்டாம்.