தாடையில் கோடு போட்டால் தொண்டை தொங்கும்

வட்ட முகக்காரர்கள் பலர் முகம் ஒல்லியாகத் தெரியட்டும் என்று தாடி வளர்க்கிறார்கள். அதை எல்லா இடத்திலும் ஒரே நீளத்தில் விட்டால் முகம் இன்னும் வட்டமாகிவிடும். கணக்கு போட்டால் காரணம் புரியும்.

கன்னத்தின் அகலம் 15 செ.மீ., நெற்றி முடியிலிருந்து முகவாய் வரை 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உயரம் அகலத்தைப் போல 1.2 மடங்கு. முகம் முழுக்க 10 மி.மீ. தாடி விட்டால் அகலத்தில் இரு பக்கமும் கூடும், உயரத்தில் கீழே மட்டும்தான் கூடும். 17-க்கு 19, விகிதம் 1.12 ஆகக் குறைந்துவிட்டது. பக்கவாட்டில் 2 மி.மீ., முகவாயில் 20 மி.மீ. விட்டால் 15.4-க்கு 20, அதாவது 1.3. நிஜத்தில் முடி படிந்து கிடப்பதால் வித்தியாசம் இவ்வளவு வராது, ஆனால் போகிற திசை இதுதான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளரும் என்பதால் 20 மி.மீ.க்கு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். காதோரம் 2, தாடை மூலையில் 6, முகவாய்க்கு வரும்போது 20 என்று படிப்படியாக ஏற்றினால் படிக்கட்டு விழாது.

டபுள் சின் வேறு கதை. நம் கண் ஓர் உருவத்தின் எல்லையை வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில்தான் தேடுகிறது. சலூனில் பலர் தாடை எலும்பை ஒட்டியே லைன் போடச் சொல்கிறார்கள். அங்கே கறுப்புத் தாடி முடிந்து, மழித்த வெளிர் தோல் தொடங்கும். முகம் அந்தக் கோட்டோடு முடிகிறது என்று கண் முடிவு செய்துவிடும்; கோட்டுக்குக் கீழே பிதுங்கும் சதை தனியாக ஒரு மடிப்பாகத் தெரியும். மறைக்க நினைத்ததற்கு நாமே அடிக்கோடு போட்ட மாதிரிதான்.

கோடு இறங்க வேண்டும். குரல்வளை மேட்டுக்கு மேல் இரண்டு விரல் வைத்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து இரு காதுகளின் பின்பக்கம் வரை மெல்ல வளைத்துக்கொண்டு போகலாம். பெரும்பாலானவர்களுக்குக் கழுத்தும் தாடையின் அடிப்பக்கமும் சேரும் மடிப்பு இந்த இடத்தில்தான் இருக்கும். முகவாய்க்கு அடியில் எப்போதும் நிழல் விழும் அல்லவா, தாடியின் கறுப்பு அந்த நிழலோடு கலந்து, சதை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாமல் செய்துவிடும். நரைத்த தாடியில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும்.

ஆனால் அடியில் இருக்கும் முடியை நீளமாக விடக் கூடாது. 4, 5 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் அதுவே தொங்கும் சதைபோல் கனம் காட்டும். கோட்டின் ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் குட்டையாக்கித் தோலோடு கரைத்துவிட வேண்டும்.

குறிக்கும்போது தலையை அண்ணாந்து வைத்துக்கொள்ளாதீர்கள். தோல் இழுபட்டு கோடு இடம் மாறும், தலையை நேராக்கியதும் மேலே ஏறிவிடும். நேராகப் பார்த்தபடி குறித்துவிட்டு, வெட்டும்போது மட்டும் நிமிரலாம். அப்புறம், பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். தாடிக்கும் கழுத்துக்கும் நடுவே வெள்ளைத் தோல் பட்டையாகப் பிதுங்கித் தெரிந்தால் கோடு இன்னும் மேலேதான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வழி ஒன்றுதான், முடி வளரும்வரை சில நாள் ட்ரிம்மரைத் தொடாமல் இருப்பது.