8 மி.மீ.க்கு ஒரு மேடு விழுந்தால் ஃபிலமென்டைக் குறை சொல்லாதீர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கோவை வார்ப்பட ஆலைகளுக்குப் பம்ப் உதிரிகளின் பேட்டர்ன், அதாவது மணலில் அச்சு பதிக்க உதவும் மாதிரி, செய்து கொடுக்கும் ஒரு பட்டறைக்குச் சென்ற மாதம் பழுது பார்க்கப் போயிருந்தேன். முப்பரிமாண பிரின்டரில் எடுத்த பேட்டர்னின் நேர்ச்சுவரில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரிகளாகத் தெரிந்தன. பொம்மையிலோ பூச்சாடியிலோ இது அழகுக் குறை மட்டுமே. பேட்டர்னில் அப்படியல்ல, மணலிலிருந்து அதைத் தூக்கும்போது ஒவ்வொரு மேடும் மணல் அச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். “ஃபிலமென்ட்தான் சரியில்லைங்க சார்” என்று, பிரின்டர் உருக்கும் பிளாஸ்டிக் இழையைக் குறை சொல்லி, உரிமையாளர் உறுதியாகச் சொன்னார். அந்த நம்பிக்கையில் அதற்குள் 3 ரோல் மாற்றிப் பார்த்திருந்தார்.

இந்தப் புகாரோடு யார் அழைத்தாலும் நான் முதலில் எடுப்பது ஸ்கேலைத்தான். இவ்வகை மெஷின்களில் அச்சிடும் தலையை மேலே உயர்த்த, பெரும்பாலும் இருக்கும் 8 மி.மீ. தடிமனுள்ள லீட் ஸ்க்ரூ நான்கு புரி கொண்டது. புரிக்குப் புரி 2 மி.மீ. இடைவெளி என்பதால், ஒரு முழுச் சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும். 0.2 மி.மீ. லேயரில் அது 40 லேயர். ஆகவே, சுற்றும் உறுப்பில் கோளாறு இருந்தால் மேடுகள் 8 மி.மீ.க்கு ஒருமுறை வரவேண்டும். (ஒற்றைப் புரி ஸ்க்ரூவாக இருந்தால் இந்தக் கணக்கு 2 மி.மீ. ஆகிவிடும், முதலில் புரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அந்தப் பேட்டர்னில் பத்து மேடுகளை அளந்தேன், ஏறக்குறைய 80 மி.மீ. வந்தது.

ஆனாலும் ஓர் அளவை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தற்செயலாகவும் அந்த இடைவெளி அமையலாம். அதனால் 20 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரக் கோபுரத்தையும் 40 மி.மீ. பக்கமுள்ள மற்றொன்றையும் ஒற்றைச் சுவராக, தனித்தனியே அச்சிட்டேன். பெரிய கோபுரம் ஒரு லேயருக்கு இருமடங்கு ஃபிலமென்டை இழுக்கும். ஆகையால், கோளாறு ஃபிலமென்டில் இருந்தால், சிறியதில் 8 மி.மீ.க்கு விழும் மேடு பெரியதில் 4 மி.மீ.க்கு விழவேண்டும். இரண்டிலும் 8 மி.மீ.தான் விழுந்தது. மேலும், ஒரு பக்கச் சுவர் வெளியே தள்ளிய அதே உயரத்தில் எதிர்ப்பக்கச் சுவர் உள்ளே ஒதுங்கியிருந்தது. ஃபிலமென்ட் தடித்தால் நான்கு பக்கமும் சேர்ந்தே புடைக்கும். லேயர் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் இப்படி வரும்.

உடனே லீட் ஸ்க்ரூவை மாற்றச் சொல்வதுதான் வழக்கம், நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்து வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்கியிருக்கிறேன். இம்முறை ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, பின்னால் டார்ச் அடித்து மெல்ல உருட்டினேன். வளைந்த ஸ்க்ரூவாக இருந்தால் உருளும்போது நடுவில் வெளிச்சக் கீற்று தோன்றித் தோன்றி மறையும். இதில் அப்படி எதுவும் தெரியவில்லை, ஸ்க்ரூ நேராகவே இருந்தது.

குற்றவாளி, மோட்டார் தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளர். ஸ்க்ரூவைப் பிடிக்கும் இரண்டு கிரப் ஸ்க்ரூக்களில் ஒன்றை முழுவதும் இறுக்கி, மற்றொன்றை ஏறக்குறைய தளரவே விட்டிருந்தார்கள். துளைக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் ஸ்க்ரூ ஒரு பக்கம் தள்ளப்பட்டு, மையம் விலகிச் சுற்றியது. வளைந்த ஸ்க்ரூவும் மையம் விலகிய கப்ளரும் ஒரே 8 மி.மீ. கையெழுத்தைத்தான் போடும் என்பதால், கழற்றிப் பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கப்ளர் முற்றிலும் தளர்ந்து வழுக்கினாலோ வரிகளில் ஒழுங்கே இருக்காது. எங்கோ ஓரிடத்தில் லேயர் நசுங்கியும் அடுத்து இடைவெளி விட்டும் நிற்கும்.

இரண்டு கிரப் ஸ்க்ரூவையும் கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கினேன். ஸ்க்ரூவில் ஏறி இறங்கும் பித்தளை நட்டின் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, ஸ்க்ரூவின் சிறு ஆட்டம் எக்ஸ் அச்சைத் தள்ளாதபடி விட்டேன். பின்னர் மோட்டார் தண்டு, கப்ளர், ஸ்க்ரூ மூன்றின் மேலும் மார்க்கரால் ஒரே நேர்கோடு இழுத்தேன். கப்ளர் வழுக்கினால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மறு அச்சில் 8 மி.மீ. வரி மறைந்தது. ஆனால் நான்கு பக்கமும் சேர்ந்து புடைக்கும், இடைவெளி ஒழுங்கில்லாத மெல்லிய வரிகள் சில எஞ்சின. வெர்னியரை எடுத்து, ஒரு மீட்டர் ஃபிலமென்டில் 5 செ.மீ.க்கு ஓரிடமாக, ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை அளந்தேன், 1.72 முதல் 1.78 மி.மீ. வரை வந்தது. விட்டத்தில் இது 0.06 மி.மீ.தான், பரப்பு விட்டத்தின் வர்க்கமாக வளர்வதால் பிளாஸ்டிக்கின் அளவில் 7 சதவீத வேறுபாடு. உரிமையாளர் வாயை மூடிச் சிரித்தார். அவர் சொன்னதும் பொய்யல்ல, வரிசைதான் தவறு. அந்த ரோலைப் பேட்டர்னுக்குப் பயன்படுத்தாமல், மணலைத் தொடாத ஜிக், பிடிமானங்களுக்கு ஒதுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.