அரிக்கேன் விளக்கும் ஐந்து மதிப்பெண்ணும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அதற்கப்புறம் எங்கள் பகுதியில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மன்னார்குடியில் கண் பரிசோதகராக வேலை பார்க்கும் எனக்கு அந்த நாட்களில் அதிகம் வந்தவர்கள் கண்ணில் தூசி விழுந்தவர்களும், மரம் வெட்டும்போது சிராய் தெறித்தவர்களும்தான். அவர்களுக்கு நடுவில் கோட்டூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கணக்கு ஆசிரியர் வந்தார். வயது 47. உட்கார்ந்ததும், “தம்பி, கண்ணுல புரை விழுந்துடுச்சான்னு பாருங்க” என்றார். கையில் ஒரு விடைத்தாள் இருந்தது.

நடந்தது இதுதான். புயலுக்கு முன்பே இடைப்பருவத் தேர்வு முடிந்து, பத்தாம் வகுப்புக் கட்டு அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் நனையாமல் இருந்திருக்கிறது. பள்ளி திறந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து 42 தாள்களைத் திருத்தினார். பகலெல்லாம் கூரையில் ஓடு மாற்றும் வேலை, சாய்ந்த தென்னையை அறுக்கும் வேலை. ராத்திரிதான் நேரம். கூடத்தில் உத்தரத்து ஆணியில் அரிக்கேன் விளக்கு தொங்கியது. அதற்குக் கீழே பாயில் உட்கார்ந்து, தொடையில் பலகையை வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறார்.

தாளைக் கொடுத்த அன்றே ஒரு மாணவி வந்து நின்றாள். “சார், எனக்குக் கூட்டல் தப்பா இருக்கு. 31 போட்டிருக்கீங்க, 36 வருது.” வாங்கிப் பார்த்தால், மூன்றாம் பக்க ஓரத்தில் அவரே போட்ட 5 அப்படியே இருக்கிறது. கூட்டும்போது அது கண்ணில் படவே இல்லை. அவர் எல்லாத் தாளையும் திரும்ப வாங்கி, மறுநாள் காலைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். 42-இல் 7 தாள்கள் தப்பு. ஐந்தில் கூட்டல் பிழை. மற்ற இரண்டில் பிள்ளைகள் எழுதியதையே தவறாகப் படித்திருக்கிறார். (x − 2)(x − 3) என்று ஒரு பையன் சரியாகக் காரணிப்படுத்தியிருந்தான். அவன் போட்ட கழித்தல் குறி தாளின் அச்சுக்கோட்டின் மேலேயே விழுந்திருந்ததால் இவருக்குத் தெரியவில்லை, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

“இருபது வருஷமா திருத்துறேன் தம்பி, இப்படி ஆனதில்லை” என்றார். குரல் கம்மியது. புரை பயத்தைவிட அந்தப் பிள்ளை முகம்தான் அவரை உறுத்தியது என்று எனக்குத் தோன்றியது.

பார்த்தேன். புரை இல்லை. தூரப் பார்வை குறையில்லாமல் இருந்தது. கிட்டப் படிக்கும் அட்டையை நல்ல வெளிச்சத்தில் கொடுத்தபோது N8 வரிசை வரை படித்தார். அது ஏறக்குறைய செய்தித்தாள் எழுத்து. இதனால்தான் அவர் கண்ணாடியே வேண்டாம் என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தார். பிறகு ஜன்னலைச் சாத்தி, மேசை ஓரத்தில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து அதே அட்டையைக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய எழுத்தான N12 வரிசைக்குக் கீழே போக முடியவில்லை. அட்டையைத் தள்ளித் தள்ளிப் பிடித்தார்.

இது வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டத்தில் உள்ளதைக் கூர்மையாகப் பிடிக்க முடியாமல் போகிறது. பகலில் இது தெரியாமல் இருப்பதற்குக் காரணம் கண்ணின் பாவை. நல்ல வெளிச்சத்தில் பாவை சுருங்கி ஊசித்துளை போல வேலை செய்யும், லென்ஸின் குறையை அது பாதி மூடிவிடும். இருட்டில் பாவை விரிந்தால் அந்த உதவி போய்விடும். அதே கண், அதே தாள், ஆனால் எழுத்து கலங்கும். ‘பகல்ல நல்லாத்தான் படிக்கிறேன், ராத்திரியில்தான் முடியலை’ என்று நாற்பதைத் தாண்டியவர் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஆனால் அந்த ஐந்து மதிப்பெண் காணாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது அவர் கண்ணில் இல்லை, விளக்கில் இருக்கிறது. மண்ணெண்ணெய்ச் சுடரின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும்தான் அதிகம், நீலம் மிகக் குறைவு. வெள்ளைத் தாள் அந்த ஒளியில் செம்மஞ்சளாகத் தெரியும். சிவப்பு மையும் அதே சிவப்பைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதனால் தாளுக்கும் மைக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடும். நீல மையோ திருப்பி அனுப்ப நீலம் கிடைக்காமல் கறுப்பாக, அழுத்தமாகத் தெரியும். அதாவது, பிள்ளை எழுதியது துலங்கும், ஆசிரியர் போட்ட மதிப்பெண் மங்கும். கூட்டல் பிழைகள் ஐந்து, படிப்பதில் பிழை இரண்டு என்ற கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. வீட்டில் சிவப்புப் பேனாவால் ஒரு வரி எழுதி, குழல் விளக்கிலும் அகல் விளக்கிலும் மாற்றிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

அவருக்கு +1.50 படிக்கும் கண்ணாடி எழுதினேன். அதைப் போட்டதும் விளக்கொளியிலேயே N8 படித்தார். அப்புறம் விளக்கைப் பற்றிப் பேசினோம். உத்தரத்தில் தொங்கும் விளக்கு தாளிலிருந்து நாலடி தள்ளி இருக்கும். தூரம் பாதியானால் தாளில் விழும் ஒளி நான்கு மடங்காகும். அதனால் விளக்கைக் கீழே இறக்கி, இடது பக்கம், ஒன்றரை அடியில் ஆடாத பலகை மேல் வைக்கச் சொன்னேன். வலது கையால் எழுதுகிறவருக்கு அப்போதுதான் கைநிழல் வரியில் விழாது. சுடர் நேராகக் கண்ணில் படாமல் ஒரு நோட்டு அட்டையைச் சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டும். சுடரைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தால் தாள் இன்னும் இருட்டாகத் தெரியும். கண்ணாடிக் கூண்டைத் தினமும், ஆறியபின், கரி போகத் துடைக்க வேண்டும். திரியை நேராக வெட்டிவிட வேண்டும், கோணலாக இருந்தால் புகை கட்டும். விளக்கு எரியும்போது எண்ணெய் ஊற்றவே கூடாது. திருத்திய கட்டைக் கை எட்டாத தூரத்தில் வைப்பது நல்லது. சுற்றிலும் தாள், நடுவில் நெருப்பு.

வேலை முறையில் ஒரு மாற்றம் சொன்னேன், அது அவருக்குப் பிடித்திருந்தது. ராத்திரியில் திருத்தலாம், கூட்ட வேண்டாம். ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண்ணைப் பெரிதாக, வட்டம் போட்டு, இடது ஓரத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டியது. மொத்தம் போடுவது காலைத் திண்ணையில். 42 தாளுக்கு அரை மணிக்கு மேல் ஆகாது.

“விளக்குல படிச்சதால கண்ணு கெட்டுப்போயிடுமா?” என்று கேட்டார். கெடாது. கண் அசரும், எரியும், தலை வலிக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். கவலைப்பட வேண்டியது வேறு. விளக்கைச் சுற்றி வானவில் போல நிறவளையம் தெரிந்து, கூடவே கண்ணில் கடும் வலி, சிவப்பு, வாந்தி வந்தால் அது கண் அழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வலி இல்லாமல், சுடர் சிதறிக் கண் கூசுவது கூடிக்கொண்டே வந்தால் புரையாக இருக்கலாம், அதையும் காட்டிவிட வேண்டும்.

நாலு நாள் கழித்துக் கண்ணாடி வாங்க வந்தவர் அந்த மாணவியின் தாளையும் எடுத்து வந்திருந்தார். 31-ஐ அடித்து 36 என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்லி, விளக்கை ஏற்றச் சொல்லி, ஓரத்து மதிப்பெண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார். மூன்றாம் பக்கத்து 5-இல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. “இப்பவும் மங்கலாத்தான் இருக்கு தம்பி, ஆனா இருக்குன்னு தெரியுது” என்றார்.

நாற்பதைத் தாண்டிய யார் வந்தாலும் அன்றிலிருந்து கிட்டத்தில் படிப்பதை நான் இரண்டு முறை சோதிக்கிறேன், விளக்கைப் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை.