சர்க்கரையே இன்சுலினை முடக்கும்போது

உடலின் பெரும்பாலான செல்கள் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் தமக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். கணையத்தின் பீட்டா செல்லுக்கு அந்தத் தேர்வு கிடையாது. இரத்தச் சர்க்கரையின் அளவை அறிந்து அதற்கேற்ப இன்சுலின் சுரப்பதே அதன் வேலை என்பதால், வெளியே சர்க்கரை கூடக் கூட உள்ளேயும் அது கூடியாக வேண்டும். அளவுக்கு மீறிய சர்க்கரை மாதக்கணக்கில் எரியும்போது செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் உள்ளே உண்டாகிறது. அதைத் தணிக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகளோ, கல்லீரலோடு ஒப்பிட்டால், இங்கே மிகக் குறைவு. நாளடைவில் இன்சுலின் மரபணுவை இயக்கும் பி.டி.எக்ஸ்-1 என்னும் புரதம் குன்றி, உற்பத்தியே சரிகிறது. இதுவே குளுக்கோஸ் நச்சுத்தன்மை.

செல்லின் களைப்பு இதிலிருந்து வேறானது. அங்கே உற்பத்தி எந்திரம் பழுதாவதில்லை. இடைவிடாத தூண்டுதலால் சேமித்து வைத்த இன்சுலின் தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான். ஓய்வு கிடைத்தால் இருப்பு மீண்டும் நிரம்பும். நச்சுத்தன்மையையும் தொடக்கத்தில் மீட்கலாம். நீடித்தால் மீட்பது அரிதாகிறது. ஒரே நோயாளியிடம் இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், எது எவ்வளவு என்பது சிகிச்சைக்குப் பிறகே புலப்படும்.

சேதத்தைக் காட்டும் முதல் அடையாளம், குளுக்கோஸை நரம்பில் செலுத்திய பத்து நிமிடங்களுக்குள் எழ வேண்டிய இன்சுலின் வீச்சு மறைவது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறத்தாழ 115 மி.கி.யைத் தாண்டும்போதே, அதாவது நோயென்று முத்திரை குத்தப்படும் 126-ஐ எட்டும் முன்பே, இந்த வீச்சு பெரும்பாலும் போய்விடுகிறது.

அதை மீட்க முடியுமா என்பதைச் சீனாவில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட 382 பேரில் சிலருக்கு இன்சுலின் பம்ப், சிலருக்கு நாளுக்குப் பல ஊசிகள், மற்றவர்களுக்கு மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். சர்க்கரை இயல்புக்கு வந்து இரண்டு வாரம் நிலைத்ததும் மருந்தை அடியோடு நிறுத்திவிட்டு, உணவும் உடற்பயிற்சியும் மட்டும் தொடரச் செய்தார்கள். ஓராண்டு கழித்தும் மருந்தின்றிச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் பம்ப் பிரிவில் 51, ஊசிப் பிரிவில் 45, மாத்திரைப் பிரிவில் 27 விழுக்காட்டினர். அந்த முதல் வீச்சும் இன்சுலின் பெற்றவர்களிடம் ஓராண்டு வரை தங்கியது. மாத்திரைப் பிரிவில் கணிசமாகச் சரிந்தது. வெளியிலிருந்து வந்த இன்சுலின் பீட்டா செல்களின் சுமையை இறக்கியது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

ஆனால் இன்சுலின் பெற்றவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஓராண்டுக்குள் சர்க்கரை மீண்டும் ஏறியது. சர்க்கரையைக் கட்டுப்படுத்திச் சுமையை இறக்கினால் பீட்டா செல்கள் மீளும் என்ற வாதம் முதல் வகை நீரிழிவில் இன்னும் பலவீனமானது. 2022-இல் வெளியான ஆய்வொன்றில், நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட சிறாருக்குத் தானியங்கி பம்ப் சர்க்கரையை மேம்பட்ட கட்டுப்பாட்டில் வைத்தும், சொந்த இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடின் சரிவு குறையவில்லை. அங்கே செல்களை அழிப்பது சர்க்கரையன்று, நோயெதிர்ப்பு மண்டலம்.